மிக்சி யாருக்கு? மூன்று நாளில் தெரிந்துவிட வேண்டும்

"ஞாயிறு இரவு 12 மணியோடு முடிகிறது" என்று ஒரு பாத்திரக்கடை போட்ட அறிவிப்பைப் படம் பிடித்து வாசகி ஒருவர் அனுப்பியிருக்கிறார். தீபாவளிக்கு மிக்சி பரிசு. அவர் கேள்வி ஒன்றுதான்: சனிக்கிழமை தூங்கப் போகும்போது வருகிற 12 மணியா, ஞாயிற்றுக்கிழமை தூங்கப் போகும்போது வருவதா? கடையில் இரண்டு பேரிடம் கேட்டாராம். இரண்டு பதில் கிடைத்திருக்கிறது.

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி இதே மாதிரிதான். கலந்துகொள்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், கடை நடத்துகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். பரிசு கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அறிவிப்பில் என்ன சொல்ல வேண்டும், ஜெயித்தவரை எப்படித் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் நம்புவார்கள் என்பதுதான் குழப்பம். நேரத்தை முதலில் முடித்துவிடுவோம். இரவு 12 மணி என்று எழுதவே கூடாது. "நவம்பர் 1, ஞாயிறு, இரவு 9 மணி" என்று தேதி, கிழமை, மணி மூன்றையும் எழுதினால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, பொருள் வாங்கினால்தான் கூப்பன் என்ற விதி. தமிழ்நாட்டில் இதைத் தொடவே கூடாது. கடையில் பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கிப் போட்டுப் பரிசு கொடுப்பதைத் தடுக்க 1979-லேயே பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இங்கே வந்துவிட்டது. சில பொட்டலங்களில் "இந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். வாங்குகிற எல்லோருக்கும் ஒரு கரண்டி கொடுப்பது வேறு விஷயம். வாங்கியவர்களில் அதிர்ஷ்டசாலி ஒருவருக்கு மட்டும் மிக்சி என்றால் அது இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே 'இலவசக் குலுக்கல்' என்று அறிவிப்பில் பார்த்தால் அந்தச் சொல்லை அப்படியே ஏற்காதீர்கள். பில் எண்ணைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் அது இலவசம் அல்ல.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் விற்பனையை வளர்ப்பதற்காக நடத்தும் குலுக்கலை முறையற்ற வணிகப் பட்டியலில் வைத்திருக்கிறது. பரிசுத் திட்டம் முடிந்த பிறகு, கலந்துகொண்டவர்களிடம் இறுதி முடிவைச் சொல்லாமல் மறைப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. எனவே கடைக்காரர்கள், பரிசு சின்னதோ பெரியதோ, விதிகளை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அறிவியுங்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். "வெற்றியாளர் கணினி மூலம் நியாயமாகத் தேர்வு செய்யப்படுவார்" என்று எழுதுகிறார்கள். இந்த வரியில் தகவல் எதுவும் இல்லை. கடைக்காரர் தன்னைப் பற்றித் தானே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ் அது. பிறகு, பெயர்கள் எழுதிய வண்ணச் சக்கரம் சுழன்று ஒரு பெயரில் நிற்கிற வீடியோ வருகிறது. பார்க்கிறவருக்கு இரண்டு விஷயம் தெரிய வழியே இல்லை. தன் பெயர் அந்தச் சக்கரத்தில் இருந்ததா? சக்கரத்தை ஒரு தடவைதான் சுற்றினார்களா? பத்துத் தடவை சுற்றிப் படம் பிடித்து, மச்சான் பெயரில் நின்றதை மட்டும் வெளியிட்டால் யாருக்குத் தெரியும்? நேர்மையாக ஒரே தடவை சுற்றியவர் போடுகிற வீடியோவும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். நேர்மையானவரால் தன் நேர்மையைக் காட்ட முடியாத முறை இது.

ஆட்களை நம்பச் சொல்லாமல், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி செய்ய ஒரு வழி இருக்கிறது. முதலில் பெயர்ப் பட்டியலை வரிசை எண்ணோடு வெளியிட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு, கடைக்காரர் கையில் இல்லாத, ஊருக்கே தெரியப்போகிற ஓர் எண்ணைக் கொண்டு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த எண், எந்த நாள், எப்படிக் கணக்கிடுவது என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்துக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கிற ஐஇடிஎஃப் அமைப்பு, தன் நியமனக் குழுவுக்கு ஆட்களை எடுக்க இதே தத்துவத்தைத்தான் பின்பற்றுகிறது. அதன் செய்முறையை 2004-இல் ஆவணமாகவே வெளியிட்டிருக்கிறது.

பாத்திரக்கடைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் முடிவு எண் போதும். அது புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு வெளியாகிறது. மறுநாள் பத்திரிகையிலும் வரும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். பட்டியலில் 347 பேர் இருக்கிறார்கள். சொன்ன நாளில் சென்செக்ஸ் 84,263.47-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியை எடுத்துவிட்டால் 8426347. இதை 347-ஆல் வகுக்க வேண்டும். 24283 தடவை போகும். 24283-ஐ 347-ஆல் பெருக்கினால் 8426201. கழித்தால் மீதி 146. மீதி சுழியமாகவும் வரலாம் என்பதால் எப்போதும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, வரிசை எண் 147-இல் இருப்பவருக்கு மிக்சி. போன் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. கலந்துகொண்ட 347 பேரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தாலும் ஒரே விடைதான் வரும்.

சூட்சுமம் பட்டியலை முன்கூட்டியே பூட்டுவதில் இருக்கிறது. சந்தை முடிந்த பிறகு, "ஒரு பெயர் விட்டுப்போச்சு" என்று கடைக்காரர் ஒன்றைச் சேர்க்கிறார் என்று வையுங்கள். இப்போது 348 பேர். அதே 8426347-ஐ 348-ஆல் வகுத்தால் மீதி 223. பரிசு 147-ஆம் ஆளை விட்டு 224-ஆம் ஆளுக்குப் போய்விடும். இன்னொன்றைச் சேர்த்தால் வேறு எங்கோ போகும். எண் தெரிந்த பிறகு பட்டியலில் கை வைக்க விட்டால், இரண்டு பெயரைச் சேர்த்து நான்கு பெயரை நீக்கி, வேண்டியவர் பெயரில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். அதனால் இறுதிப் பட்டியல் சந்தை திறக்கிற காலை 9.15-க்கு முன்பே எல்லோர் கையிலும் இருந்தாக வேண்டும். முந்தைய இரவே போட்டுவிடுவது நல்லது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சென்செக்ஸ் ஒரு நாளில் சில நூறு புள்ளிகள்தான் நகரும். 300 புள்ளி நகர்ந்தால், தசமப் புள்ளியை எடுத்துவிட்ட எண் 30,000 நகரும். 347 பேருக்குள் அது பல தடவை சுற்றி வந்துவிடுவதால் யாருக்கும் சாதகம் இல்லை. 50,000 பேர் கலந்துகொண்டால் நிலைமை வேறு. நேற்றைய முடிவை வைத்தே எந்த எண்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று ஊகிக்க முடியும். அவ்வளவு பேர் என்றால் வேறு பொது எண்களையும் சேர்க்க வேண்டும். மறுபக்கம், முப்பது நாற்பது பேர் மட்டும் என்றால் சென்செக்ஸே வேண்டாம். எல்லோர் முன்னாலும் சீட்டுகளை எண்ணிக் காட்டி, குடத்தில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னால் போதும்.

கடைக்காரர்கள் கேட்ட மாதிரி அறிவிப்பு இதோ. வீடியோவில் படிக்கலாம், மைக்கில் சொல்லலாம், அட்டையில் எழுதி மாட்டலாம்.

"வணக்கம். தீபாவளிக்கு ஒருவருக்கு ஒரு மிக்சி பரிசாகத் தருகிறோம். எதுவும் வாங்க வேண்டாம், பணம் எதுவும் கட்ட வேண்டாம். தமிழ்நாட்டில் இருக்கிற, 18 வயது நிறைந்த யாரும் கலந்துகொள்ளலாம். எங்கள் கடை ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கலந்துகொள்ள முடியாது. இந்த அறிவிப்பில் உள்ள வாட்ஸ்அப் எண்ணுக்கு உங்கள் பெயரையும் ஊரையும் அனுப்புங்கள். ஒரு போன் எண்ணுக்கு ஒரு பதிவுதான். நவம்பர் 1, ஞாயிறு இரவு 9 மணிக்குள் வந்து சேர வேண்டும். நவம்பர் 2, திங்கள் மாலை 6 மணிக்கு, வந்த வரிசைப்படி பெயரும் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் கொண்ட பட்டியலை வெளியிடுவோம். உங்கள் பெயர் இல்லையென்றால் நவம்பர் 3, செவ்வாய் மாலை 6 மணிக்குள் சொல்லுங்கள். அன்று இரவு 8 மணிக்கு இறுதிப் பட்டியல் வரும். அதன் பிறகு மாற்றம் கிடையாது. நவம்பர் 4, புதன்கிழமை சென்செக்ஸ் முடிவு எண்ணைப் புள்ளியில்லாமல் எழுதி, பட்டியலில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் மீதியோடு ஒன்று கூட்டினால் கிடைக்கிற வரிசை எண்தான் வெற்றி எண். அன்று சந்தை விடுமுறை என்றால் அடுத்த வேலைநாள். முடிவை அன்று மாலை 6 மணிக்கு இதே இடத்தில் அறிவிப்போம். வெற்றியாளர் மூன்று நாளில் பதில் தராவிட்டால், அடுத்து வரும் வேலைநாளின் சென்செக்ஸ் எண்ணை வைத்து இதே முறையில் இன்னொருவரைத் தேர்ந்தெடுப்போம். பரிசை நாங்களே வீட்டுக்கு அனுப்புவோம். அனுப்பும் செலவு எங்களுடையது."

நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில்.

கடைசி நாளைத் தள்ளிப் போடலாமா? கூடாது. குறைவாகப் பேர் வந்தால் வந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது, அது அவர்களுக்குச் சேர வேண்டியது.

நண்பர்களைக் கோத்துவிடு, உன் பக்கத்தில் பகிர் என்று கேட்கலாமா? ஃபேஸ்புக்கின் சொந்த விதியே அதைப் போட்டிக்கான நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது.

பதிவான போன் எண்களை வைத்து விளம்பரம் அனுப்பலாமா? அறிவிப்பில் சொல்லாததைச் செய்யக் கூடாது.

வரி உண்டா? 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு 30 சதவீத வரி பிடித்தம் உண்டு. பொருளாகக் கொடுத்தால், வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகே கொடுப்பவர் பொருளை ஒப்படைக்க வேண்டும். ஆகவே பெரிய பரிசு என்றால், அந்த வரி யார் பொறுப்பு என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லுங்கள்.

"நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், கட்டணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தால்? பட்டியலில் உங்கள் வரிசை எண்ணைப் பாருங்கள், கணக்கைப் போடுங்கள், கடைக்கு நேரில் போய்க் கேளுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.