பள்ளிக்குத் தரும் கடிதத்தில் பனியனும் நோட்டும் ஒரே வரியில் வேண்டாம்

திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் சிறு முதலாளிகள் பலர், கோடை விடுமுறையில் பள்ளித் தாளாளர்களைத் தேடிப் போவார்கள். விளையாட்டு டி-சர்ட் தன் யூனிட்டிலேயே தைத்தது. கூடவே சிவகாசியிலிருந்து வாங்கிய நோட்டுப் புத்தகங்களையும் சேர்த்து விலைப்பட்டியல் கொடுப்பார்கள். பள்ளிக்கு ஒரே ஆளிடம் எல்லாம் கிடைக்கிறது, இவருக்கும் ஆர்டர் பெரிதாகிறது. ஆனால் பணம் வராமல் நின்றுபோனால், இந்த இரண்டு சரக்குக்கும் சட்டம் வேறு வேறு வழியைக் காட்டுகிறது. அது தெரியாமல் கடிதம் எழுதுவதால்தான் பலர் பின்னால் கைபிசைந்து நிற்கிறார்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்குப் பணத்தைக் காலத்தில் பெறும் உரிமையைத் தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கடன் தவணை செல்லாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். வாங்குபவர் கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. பள்ளி நடத்தும் அறக்கட்டளையும் இதில் அடங்கும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும்.

இந்த உரிமை தயாரிப்பவருக்கும் சேவை செய்பவருக்கும் மட்டுமே. 2021 ஜூலையில் வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்தபோது, அதன் பயன் வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதோடு நின்றுவிடும் என்று சொல்லிவிட்டது. ஆகவே டி-சர்ட்டுக்கு 45 நாள் பாதுகாப்பு உண்டு, வாங்கி விற்ற நோட்டுக்கு இல்லை. இரண்டையும் ஒரே ஆர்டரில், ஒரே பில்லில் போட்டால், எந்தத் தொகை எதற்கு என்ற வாதத்துக்கு நாமே இடம் கொடுக்கிறோம். தனி விலைப்பட்டியல், தனி ஆர்டர், தனி பில் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2 லட்சம் ரூபாய்க்கு டி-சர்ட், ஜூன் 2-ல் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. கடிதத்தில் 60 நாள் தவணை என்று எழுதியிருந்தாலும் ஜூலை 17-க்குள் பணம் வந்தாக வேண்டும். நவம்பர் 17-ல்தான் வருகிறது என்று வையுங்கள். வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்றால் வட்டி 16.5 சதவீதம், நான்கு மாதத்தில் சுமார் 11,200 ரூபாய்.

இதெல்லாம் நிற்பது டெலிவரி தேதியில்தான். சரக்கு பற்றி 15 நாளுக்குள் பள்ளி எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். குறை எழுதிக் கொடுத்தால், அதைச் சரிசெய்த நாளிலிருந்துதான் கணக்கு. எனவே டெலிவரி சலானில் தேதி, பெயர், பள்ளி முத்திரை மூன்றும் வாங்குங்கள். வாட்ச்மேன் கிறுக்கிய கையெழுத்தை நம்பாதீர்கள். பள்ளியின் உரிமையும் இதே இடத்தில்தான் இருக்கிறது: அப்ரூவல் சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால், துணியின் ஜிஎஸ்எம் குறைந்ததா, துவைத்ததும் சாயம் போகிறதா என்பதை ஒப்பிட்டு, அந்த 15 நாளுக்குள் எழுத்தில் கேட்கலாம். நோட்டுக்கும் பக்க எண்ணிக்கையையும் தாளின் ஜிஎஸ்எம்மையும் கடிதத்திலேயே குறிப்பிடுவது நல்லது.

உத்யம் பதிவு இலவசம். ஆர்டர் எடுக்கும் முன்பே அது கையில் இருக்க வேண்டும். சப்ளை முடித்தபின் பதிவு செய்தவருக்கு அந்தப் பழைய பாக்கிக்குப் பயன் கிடைக்காது என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு குறித்த கேள்வி 2025-ல் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து சாதகமான தீர்ப்பு வரும் என்று நம்பி இன்று சரக்கு அனுப்ப முடியாது. பதிவு எண்ணை ஜிஎஸ்டி எண்ணோடு கடிதத் தலைப்பில் அச்சிடுங்கள். பணம் நின்றால் மாவட்டத் தொழில் மையத்தில் வழி கேட்டு வசதியாக்கல் மன்றத்துக்கு மனுப் போடலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பள்ளி கோர்ட்டுக்குப் போவதானால், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

முன்பு சப்ளை செய்த பள்ளிகளின் பெயரைக் கடிதத்தில் கொடுக்கும்போது அவர்களிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். எந்த ஆண்டு, என்ன சரக்கு என்பதையும் எழுதுங்கள். புதிய பள்ளி எப்படிப் பணம் தருகிறது என்று, ஏற்கெனவே அங்கே சரக்குப் போட்டவர்களிடம் நீங்களும் விசாரியுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நோட்டுப் பில்லுக்கு மன்றம் இல்லாததால் கடன் தவணையைக் குறைத்து, ஆர்டரோடு பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பதே நியாயம். மீதிக்குச் செக் வாங்கினால், அது திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். செக் இல்லையென்றால் சிவில் வழக்குதான். தவணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தக் கெடு முடியும் முன்பே, பாக்கி இவ்வளவு என்று பள்ளியிடம் எழுத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.