ஏழாவது அழைப்பு

எம்பிஏ, பிகாம், டேட்டா சயின்ஸ் என்று எந்த வகுப்பாக இருந்தாலும் இப்படி ஒரு ப்ராஜெக்ட் தாள் எப்படியாவது வந்து சேர்கிறது: "கொடுக்கப்பட்டுள்ள விளம்பரப் பிரச்சாரத் தரவை ஆராய்க. நிறுவனத்தின் மேலாளருக்கு மூன்று பரிந்துரைகளை முன்வைக்க." இரண்டே வரிதான். மாணவர்கள் பதினைந்து வரைபடம் போடுவார்கள், வண்ணம் தீட்டுவார்கள், கடைசி ஸ்லைடில் மூன்று வரி எழுதுவார்கள். அந்த மூன்று வரிகள்தான் ப்ராஜெக்ட். அவற்றை எப்படிக் கண்டடைவது என்பதை ஓர் உண்மையான கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

இந்த வேலைக்கு உலகெங்கும் அதிகம் கொடுக்கப்படும் கோப்புகளில் ஒன்று போர்ச்சுக்கல் நாட்டு வங்கி ஒன்றின் தொலைபேசிப் பிரச்சாரம். செர்ஜியோ மோரோ, பாவ்லோ கோர்டெஸ், பாவ்லோ ரீட்டா என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைத் தொகுத்துப் பொதுவில் வைத்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் நடத்தும் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2008 மே முதல் 2010 நவம்பர் வரை அந்த வங்கி வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, "எங்களிடம் ஃபிக்ஸட் டெபாசிட் போடுகிறீர்களா?" என்று கேட்டது. `bank-full.csv` என்ற கோப்பில் 45,211 வரிசைகள் இருக்கின்றன. ஒரு வரிசை என்றால் ஒரு வாடிக்கையாளர். வயது, வேலை, கணக்கில் இருக்கும் பணம், எத்தனை முறை அழைத்தார்கள், எந்த மாதம், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசிப் பத்தியான `y` அவர் டெபாசிட் போட்டாரா என்பதைச் சொல்கிறது. போட்டவர்கள் 5,289 பேர், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சற்றுக் குறைவு.

திறந்ததும் மாணவர்கள் கண்ணில் முதலில் படுவது `duration`, பேசிய நேரம். டெபாசிட் போட்டவர்களிடம் சராசரியாக 537 விநாடி பேசியிருக்கிறார்கள், போடாதவர்களிடம் 221 விநாடி. இவ்வளவு பளிச்சென்ற வித்தியாசம் வேறெந்தப் பத்தியிலும் இல்லை. எனவே முதல் பரிந்துரை "வாடிக்கையாளரிடம் அதிக நேரம் பேசுங்கள்" என்று தயாராகிவிடுகிறது. ஆனால் டெபாசிட் போட ஒத்துக்கொண்டவரிடம் வட்டி விகிதம், தவணைக் காலம், விவரச் சரிபார்ப்பு என்று பேச்சு நீளத்தான் செய்யும். சம்மதம் நேரத்தை நீட்டியிருக்கிறது, நேரம் சம்மதத்தைக் கொண்டுவரவில்லை. அதோடு, ஃபோனை எடுப்பதற்கு முன் யாரிடம் எத்தனை விநாடி பேசப்போகிறோம் என்று வங்கிக்குத் தெரியாது. கோப்பைத் தொகுத்தவர்களே குறிப்பில் இதை எழுதியிருக்கிறார்கள்: முன்கூட்டிக் கணிக்க வேண்டுமென்றால் இந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள் என்று. அந்தக் குறிப்பைப் படிக்காமல் எழுதப்படும் ப்ராஜெக்ட்டுகள் ஏராளம்.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. பரிந்துரையாக எழுதும் எதையும் மேலாளர் நாளைக் காலை, முதல் எண்ணை அழுத்துவதற்கு முன்பே, கையில் இருக்கும் தகவலை வைத்துச் செயல்படுத்த முடிய வேண்டும். முடியாதது பரிந்துரை ஆகாது.

அந்தச் சோதனையில் தேறுவது `campaign` என்ற பத்தி. இந்தப் பிரச்சாரத்தில் ஒருவரை எத்தனை முறை அழைத்தார்கள் என்ற எண்ணிக்கை அது. ஒரே ஒரு முறையோடு முடிந்தவர்கள் 17,544 பேர். ஒருவருக்கு 63 முறை வரை அழைப்பு போயிருக்கிறது! எத்தனையாவது அழைப்போடு நிறுத்துவது என்பது மேலாளர் கையில் உள்ள முடிவு. ஆகவே அழகான பரிந்துரை இங்கே ஒளிந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் கணக்கை இங்கேதான் தவறாகப் போடுகிறார்கள்.

எக்செலில் பிவட் டேபிள் போட்டால், `campaign` 6 என்று உள்ள 1,291 பேரில் 92 பேர் டெபாசிட் போட்டதாகக் காட்டும். 7.1 சதவீதம். "ஆறாவது அழைப்பிலும் நூற்றுக்கு ஏழு பேர் சம்மதிக்கிறார்கள், தொடர்ந்து அழையுங்கள்" என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த 1,291 பேர் ஆறாவது அழைப்போடு கதை முடிந்தவர்கள் மட்டும்தான். ஏழு, எட்டு, இருபது முறை அழைக்கப்பட்டவர்களுக்கும் ஆறாவது அழைப்பு போகத்தானே செய்தது? அவர்கள் அதில் சம்மதிக்கவில்லை. அவர்களையும் சேர்த்தால் ஆறாவது அழைப்பைப் பெற்றவர்கள் 4,355 பேர். 92ஐ 4,355ஆல் வகுத்தால் 2.1 சதவீதம். மேலே உள்ள எண் அதேதான், கீழே உள்ள எண்தான் மாறியது.

இதே முறையில் ஒவ்வொரு அழைப்புக்கும் போட்டுப் பார்த்தால் சரிவு தெளிவாகத் தெரிகிறது. முதல் அழைப்பில் நூற்றுக்கு 5.7 பேர் சம்மதிக்கிறார்கள். இரண்டாவதில் 5.1, மூன்றாவதில் 4.1, நான்காவதில் 3.3, ஐந்தாவதில் 2.3. ஏழாவதில் 1.5க்கு வந்துவிடுகிறது. சம்மதம் கிடைத்தது கடைசி அழைப்பில்தான் என்று இங்கே எடுத்துக்கொள்கிறோம். டெபாசிட் போட்டவரை அதே பிரச்சாரத்துக்காக மீண்டும் அழைக்க மாட்டார்கள் என்பதால் இது நியாயமான ஊகம். ஆனால் இது ஊகம் என்பதை ஸ்லைடில் எழுதிவிட வேண்டும்.

இனி மேலாளருக்குப் புரியும் மொழி. மொத்தம் சுமார் 1,25,000 அழைப்புகள் போயிருக்கின்றன. முதல் ஆறு அழைப்புகளுக்குள் அடங்குபவை 1,08,155. அவற்றில் கிடைத்த டெபாசிட்டுகள் 5,128, அதாவது 21 அழைப்புக்கு ஒன்று. ஏழாவதிலிருந்து போன அழைப்புகள் ஏறத்தாழ 16,800. அவற்றில் கிடைத்தவை 161, அதாவது 104 அழைப்புக்கு ஒன்று. முதல் பரிந்துரை இப்படி அமையும்: "ஆறு அழைப்போடு நிறுத்துங்கள். 16,800 அழைப்புகள் மிச்சமாகும். அதற்கு விலையாக 161 டெபாசிட்டுகளை இழப்பீர்கள்." இழப்பையும் சேர்த்துச் சொல்வதுதான் இதற்கு வலு. ஒரு அழைப்புக்கு என்ன செலவு, ஒரு டெபாசிட்டில் என்ன லாபம் என்பது கோப்பில் இல்லை. ஆகையால் ஆறா, நான்கா என்று தீர்மானிக்க வேண்டியவர் மேலாளர். 104 அழைப்பின் செலவு ஒரு டெபாசிட்டின் லாபத்தைவிடக் குறைவு என்றால் ஏழாவது அழைப்பும் அவருக்குக் கட்டுப்படியாகும். தொடர்ந்து அழைக்கப்பட்டவர்கள் மறுத்தவர்களா, "அப்புறம் கூப்பிடுங்கள்" என்றவர்களா என்பதையும் கோப்பு சொல்வதில்லை.

இரண்டாவது பரிந்துரை எளிது, அதை நியாயப்படுத்துவதுதான் கடினம். `poutcome` என்ற பத்தி, முந்தைய பிரச்சாரத்தில் அந்த வாடிக்கையாளரிடம் என்ன நடந்தது என்று சொல்கிறது. அப்போது சம்மதித்தவர்கள் 1,511 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 978 பேர், ஏறக்குறைய 65 சதவீதம், இந்த முறையும் போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகமான ஒரு கூட்டம், டெபாசிட்டுகளில் நூற்றுக்குப் பதினெட்டைக் கொடுத்திருக்கிறது. இவர்களை முதலில் அழையுங்கள் என்று சொல்ல யோசிக்கவே தேவையில்லை.

ஆனால் நல்ல தேர்வாளர் ஒரு கேள்வி கேட்பார்: "அழைக்காமல் விட்டிருந்தால் இவர்கள் போட்டிருக்க மாட்டார்களா?" முன்பு போட்ட டெபாசிட் முதிர்ந்ததும், யாரும் நினைவூட்டாமலே கிளைக்கு வந்து புதுப்பிப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. இந்தக் கோப்பில் உள்ள அத்தனை பேரும் அழைக்கப்பட்டவர்கள். அழைக்கப்படாதவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு இதற்குள் பதில் கிடையாது, எவ்வளவு நுணுக்கமான மாடல் போட்டாலும் கிடைக்காது. பரிந்துரையில் ஒரு வரி கூடும்: அடுத்த முறை இப்படிப்பட்டவர்களில் 300 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத் தேர்ந்தெடுத்து, அழைக்காமல் விட்டுவையுங்கள். அழைத்தவர்களில் 65 பேரும் அழைக்காதவர்களில் 50 பேரும் நூற்றுக்குப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அழைப்பு உண்மையில் ஈட்டியது 15தான். அந்தப் பதினைந்துக்குத்தான் செலவு செய்கிறோம்.

மூன்றாவது பரிந்துரைக்குப் பெரும்பாலும் மாதத்தைத்தான் பிடிக்கிறார்கள். மார்ச்சில் அழைக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் சம்மதம், மே மாதத்தில் 6.7 சதவீதம். "மே மாதத்தை விட்டு மார்ச்சுக்கு மாறுங்கள்" என்று எழுதக் கை பரபரக்கும். எண்ணிக்கையைப் பாருங்கள். மே மாதத்தில் 13,766 பேர், மார்ச்சில் வெறும் 477 பேர். செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் மாதங்களிலும் இதே கதைதான்: ஆயிரத்துக்கும் குறைவானவர்கள், ஆனால் 44 முதல் 47 சதவீதம் வரை சம்மதம். குறைவாக அழைத்த மாதங்களில் எல்லாம் வெற்றி அதிகம் என்றால், அந்த மாதங்களில் பொறுக்கியெடுத்த சிலரை மட்டும் அழைத்திருக்கலாம் என்ற சந்தேகம் வர வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பில் மாதம் இருக்கிறது, ஆண்டு இல்லை. ஆனால் வரிசைகள் தேதிப்படி அடுக்கப்பட்டவை. மேலிருந்து கீழாகப் படித்து, மாதம் டிசம்பரைத் தாண்டி அடுத்த ஆண்டுக்குள் நுழையும் இடத்தில் கோடு போட்டால் ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். அப்படிச் செய்தால் பாதிக்கு மேற்பட்ட வரிசைகள் 2008இலேயே அடங்குவது தெரியும். அந்த ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது, அதன் பிறகு ஐரோப்பாவில் வட்டி விகிதங்கள் சரிந்தன. மே மாதம் மூன்று ஆண்டுகளிலும் வருகிறது. மார்ச் 2009, 2010 ஆகிய இரண்டில் மட்டும்தான். மாதத்தை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, நெருக்கடிக்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மூன்றாவது பரிந்துரையாக "மார்ச்சில் அழையுங்கள்" என்று எழுதக் கூடாது, "மாதத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்று எழுதலாம். அதை எண்களோடு எழுத வேண்டும். 2,000 வாடிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 500 பேர் இருக்கும்படி செய்து, மார்ச், மே, ஆகஸ்ட், அக்டோபர் என்று ஒவ்வொரு மாதத்தில் ஒரு குழுவை அழைக்கச் சொல்லுங்கள். 500 பேரில் 12 சதவீதம் என்பது தற்செயலாகவே மூன்று புள்ளி ஏறி இறங்கக்கூடியது. குழுக்களுக்கு இடையே நான்கு புள்ளிக்குள் வித்தியாசம் வந்தால் மாதத்தை மறந்துவிடலாம். மார்ச்சில் உண்மையிலேயே ஏதோ இருந்தால், 500 பேரிலேயே அது கண்ணுக்குத் தெரியும்.