பெண் டெக்னீஷியன் தேவை: விளம்பரத்தில் கவனிக்க வேண்டியவை

“பெண்கள் விண்ணப்பிக்கலாம். ஷிப்ட் முறை. பேருந்து வசதி உண்டு. பயிற்சிக் காலத்தில் ஊதியம்.” ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளின் விளம்பரங்களில் இப்படிப்பட்ட வரிகளைப் பார்க்கலாம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. ஆனால் நிபந்தனைகளும் விதித்தது. இரவு ஷிப்டுக்குப் போக்குவரத்து வசதி அவற்றில் ஒன்று. எனவே பேருந்தை நிறுவனத்தின் தயவாக நினைக்க வேண்டியதில்லை.

பேருந்து எங்கே இறக்கிவிடும் என்பதுதான் முக்கியமான கேள்வி. மதியம் 2 முதல் இரவு 10 வரையிலான ஷிப்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரப் பயணம் என்றால் இறங்கும்போது மணி 11. நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டால், கிராமத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு இருட்டில் தனியாக நடக்க வேண்டும். விளம்பரத்தில் “வீட்டு வாசல் வரை” என்று இல்லாவிட்டால், நேர்முகத் தேர்விலேயே நிறுத்தத்தின் பெயரைக் கேளுங்கள். ஷிப்ட் முடிந்தபின் கூடுதல் நேரம் வேலை பார்த்தால் தனி வண்டி உண்டா என்றும் கேளுங்கள். அதற்கு இரட்டிப்பு ஊதியம் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது பயிற்சி. தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் சேர்ந்தால் கிடைப்பது உதவித்தொகை. அதில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கமாட்டார்கள், முடிந்தபின் வேலை தரும் கட்டாயமும் பொதுவாக இல்லை. பயிற்சி எத்தனை மாதம், பிறகு எந்தப் பதவி, என்ன சம்பளம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.