ஹுதைபிய்யா: ஒரு ஷரத்தின் கதை

கி.பி. 628, மார்ச் மாதம். மதீனாவிலிருந்து சுமார் 1,400 பேர் மக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். உடம்பில் இஹ்ராம் எனப்படும் தைக்காத துணி, உறையில் போட்ட வாள், கூடவே பலியிடுவதற்காகக் கழுத்தில் மாலை கட்டிய எழுபது ஒட்டகங்கள். உம்ரா செய்வதற்காகக் கிளம்பிய கூட்டம் அது. முன்னால் போனவர் நபிகள் நாயகம். பிறந்த ஊரைவிட்டு வெளியேறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்ரு, உஹது என்று போர்கள் நடந்து, மக்காவின் குறைஷியர் சுமார் பத்தாயிரம் பேரைத் திரட்டி வந்து மதீனாவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது முந்தைய ஆண்டுதான்.

குறைஷியருக்கு இது தர்மசங்கடமாகிவிட்டது. கஅபாவின் காவலர்கள் என்பதுதான் அரபுக் குலங்களிடையே அவர்களுக்கிருந்த மரியாதை. போர் விலக்கப்பட்ட புனித மாதத்தில், ஆயுதம் ஏந்தாமல் வரும் யாத்திரிகரைத் தடுத்தால் அந்த மரியாதை போய்விடும். உள்ளே விட்டாலோ, முஹம்மதுக்கு அஞ்சி வழிவிட்டார்கள் என்று பாலைவனமெங்கும் பேச்சாகும். காலித் இப்னு வலீத் தலைமையில் குதிரைப்படையை அனுப்பி வழியை மறித்தார்கள். நபிகள் மோதவில்லை. கரடுமுரடான வேறொரு பாதையில் சுற்றிப்போய், மக்காவுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஹுதைபிய்யாவில் கூடாரம் அடித்தார்.

இரு தரப்புக்கும் நடுவே தூதர்கள் வந்துபோனார்கள். அவர்களில் ஹுலைஸ் என்பவரின் வருகை கவனிக்கத்தக்கது. குறைஷியரின் நேச அணியான அஹாபீஷ் குழுவுக்குத் தலைவர் அவர். பலியிடும் பிராணிகளை மிகவும் மதிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது நபிகளுக்குத் தெரியும். அவர் வருவதைப் பார்த்ததும், மாலையிட்ட ஒட்டகங்களை அவர் கண்ணில் படும்படி ஓட்டிவிடச் சொன்னார். ஹுலைஸ் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, பேச்சுவார்த்தைக்கே போகாமல் திரும்பினார். யாத்திரிகரைத் தடுப்பதற்காக நாங்கள் உங்களோடு சேரவில்லை என்று குறைஷியரிடமே சண்டை பிடித்தார். எதிரணிக்குள் ஒரு விரிசல் விழுந்தது. அதற்காக யாரும் வாய் திறக்கவேண்டியிருக்கவில்லை.

நபிகள் தம் தரப்பிலிருந்து அனுப்பத் தேர்ந்தெடுத்தவர் உஸ்மான். மக்காவின் செல்வாக்கான உமையா குடும்பத்தவர் என்பதால் அங்கே அவருக்குப் பாதுகாப்பு இருந்தது. அவர் திரும்பத் தாமதமாகவே, கொல்லப்பட்டுவிட்டார் என்று வதந்தி பரவியது. ஒரு மரத்தடியில், இறுதிவரை நிற்போம் என்று தோழர்கள் நபிகளின் கைபிடித்து உறுதி தந்தார்கள். செய்தி மக்காவுக்குப் போனது. அடுத்து வந்த தூதர் சுஹைல் இப்னு அம்ர், உடன்படிக்கை எழுதும் அதிகாரத்தோடு வந்தார்.

எழுதியவர் அலி. அளவற்ற அருளாளன் என்று இறைவனைக் குறிக்கும் முதல் வரியையே சுஹைல் ஏற்கவில்லை. மக்காவின் பழைய வழக்கப்படி ‘இறைவா, உன் பெயரால்’ என்றிருந்தால் போதும் என்றார். அடுத்து ‘இறைத்தூதர் முஹம்மது’ என்ற இடத்தில் நின்றார். தூதர் என்று ஒப்புக்கொண்டால் எங்களுக்குள் போரே இருந்திருக்காதே என்பது அவர் வாதம். தர்க்கப்படி பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. அலி அழிக்க மறுத்தார். எந்த இடம் என்று கேட்டு நபிகளே அழித்தார். ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என்று எழுதப்பட்டது. பெயருக்கு முன்னிருந்த பட்டம் போயிற்று. ஆனால் ஊரைவிட்டு ஓடியவராகக் கருதப்பட்ட ஒருவரோடு குறைஷியர் சமதரப்பாக ஒப்பந்தம் போடுகிறார்கள் என்பதை அந்தத் தோலில் எந்த மையாலும் அழிக்க முடியாது. சுஹைல் சொற்களைக் காத்தார். அங்கீகாரத்தைக் கொடுத்துவிட்டார்.

ஷரத்துகள் சிலவே. பத்தாண்டுகள் போர் இல்லை. இந்த ஆண்டு திரும்பிவிட்டு, அடுத்த ஆண்டு மூன்று நாள் வந்து உம்ரா செய்யலாம். எந்தக் குலமும் தான் விரும்பிய பக்கம் சேரலாம். தன் காப்பாளரின் அனுமதியின்றி மக்காவிலிருந்து மதீனாவுக்கு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும்; மதீனாவிலிருந்து மக்காவுக்குப் போனவரை அவர்கள் திருப்பித் தரவேண்டியதில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லோரையும் கொதிக்க வைத்தது. அதைச் சோதிக்கும் ஆள் அப்போதே வந்து நின்றார். சுஹைலின் சொந்த மகன் அபூஜந்தல், இஸ்லாத்தைத் தழுவியதற்காகச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர், தப்பித்து முகாமில் வந்து விழுந்தார். முதலில் இவனைத் தா என்றார் தந்தை. இவரை மட்டுமாவது விட்டுவிடும்படி நபிகள் கேட்டும் சுஹைல் இணங்கவில்லை. அபூஜந்தல் கதறக் கதறத் திருப்பி அனுப்பப்பட்டார். உமரால் தாங்க முடியவில்லை. நாம் ஏன் இப்படித் தாழ்ந்துபோக வேண்டும் என்று நபிகளிடமே கேட்டார். பலியிட்டு முடி களையும்படி நபிகள் சொன்னபோது முகாமில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மனைவி உம்மு ஸலமாதான் வழி சொன்னார்: யாரிடமும் பேசாமல் நீங்கள் போய் உங்கள் ஒட்டகத்தைப் பலியிட்டு, முடி களையுங்கள் என்று. அப்படிச் செய்ததும் அனைவரும் பின்தொடர்ந்தார்கள்.

அதே ஷரத்துதான் பிறகு குறைஷியரின் கழுத்தைச் சுற்றியது. மக்காவிலிருந்து தப்பி மதீனா வந்தவர் அபூபஸீர். அவரை அழைத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். ஒப்பந்தப்படி நபிகள் ஒப்படைத்தார். வழியில் அபூபஸீர் ஒருவனைக் கொன்றுவிட்டு மதீனாவுக்கே திரும்பினார். நபிகள் அவரை வரவேற்கவில்லை. மறுபடி ஒப்படைக்கப்படுவோம் என்பதைப் புரிந்துகொண்டு அவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். குறைஷி வணிகக் கூட்டங்கள் சிரியாவுக்குப் போகும் பாதை அது. மக்காவிலிருந்து தப்பிய மற்றவர்களும், அபூஜந்தல் உட்பட, அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் மதீனாவில் இல்லை. ஆகவே மதீனா பொறுப்பில்லை. ஒப்பந்தமோ இவர்களை மதீனாவுக்குள் ஏற்கவும் விடாது. வணிகக் கூட்டங்கள் தொடர்ந்து தாக்கப்பட, இவர்களைத் தயவுசெய்து மதீனாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று குறைஷியரே ஆளனுப்பினார்கள். தாங்கள் கேட்டு வாங்கிய ஷரத்தைத் தாங்களே கைவிட்டார்கள்.

பெண்கள் விஷயத்திலும் ஒரு திருப்பம். உம்மு குல்தூம் என்ற பெண் மதீனா வந்தபோது சகோதரர்கள் தேடிவந்தார்கள். நம்பிக்கை கொண்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்ற குர்ஆன் வசனத்தை அடிப்படையாகக் கொண்டு நபிகள் மறுத்தார். ஷரத்தில் ‘ஆண்’ என்றே எழுதப்பட்டிருந்தது என்று ஓர் அறிவிப்பு உண்டு. ஒரு சொல்லின் வரம்பை இரு தரப்பும் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார்கள் என்பது தெரிகிறது. இந்த விவரங்கள் எல்லாம் முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் வழியாகவே வந்தவை என்பதையும் வாசகர் நினைவில் வைக்க வேண்டும். இதே நிகழ்வைச் சொல்லும் குறைஷி ஆவணம் ஒன்றும் நம்மிடம் இல்லை.

போரில்லாத காலத்தில் மக்கள் கலந்து பேசினார்கள். ஹுதைபிய்யாவில் வழிமறித்த காலித் இப்னு வலீதே மதீனா வந்து சேர்ந்துகொண்டார். ஒப்பந்தம் செய்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நபிகளோடு நின்றவர்கள் 1,400-லிருந்து சுமார் பத்தாயிரமானார்கள்.

ஒப்பந்தம் முறிந்தது அணி சேரும் ஷரத்தில். குஸாஆ குலம் நபிகள் பக்கமும், பனூபக்ர் குலம் குறைஷியர் பக்கமும் சேர்ந்திருந்தன. பனூபக்ரில் ஒரு பிரிவு பழைய பகையை மனதில் வைத்து, இரவில் குஸாஆவைத் தாக்கியது. குறைஷியர் சிலர் ஆயுதம் கொடுத்து உதவினார்கள். விபரீதம் புரிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அபூசுஃப்யானே மதீனாவுக்கு ஓடினார். யாரும் பிடிகொடுக்கவில்லை. கி.பி. 630 ஜனவரியில் படை மக்காவுக்குள் நுழைந்தது. பெரிய எதிர்ப்பு இருக்கவில்லை. ‘இறைத்தூதர்’ என்ற சொல்லை அழிக்கச் சொன்ன சுஹைல், மக்கா வெற்றிக்குப் பின் இஸ்லாத்தைத் தழுவினார்.