ஏழாம் எண் மறுபடியும் சர்வீஸ் போட்டால்

ஒரு வாலிபால் ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்ப்போம். நம் அணி 14, எதிரணி 16. சர்வீஸ் அவர்களிடம். நீண்ட ரேலிக்குப் பிறகு புள்ளி நமக்கு வருகிறது: 15-16. சர்வீஸும் நமக்கு. கைதட்டி, தோளில் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஏழாம் எண் செட்டர் பந்தை எடுத்துக்கொண்டு பின்கோட்டுக்குப் போகிறார். சர்வீஸ் போடுகிறார், புள்ளி. இன்னொன்று, புள்ளி. மூன்றாவதும் புள்ளி. 18-16 என்று முன்னிலை. நான்காவது சர்வீஸில் கை பட்டதுமே ஸ்கோரர் மேஜையிலிருந்து பஸ்ஸர் ஒலிக்கிறது.

நடந்தது என்ன? சர்வீஸ் எதிரணியிடமிருந்து நமக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஆறு பேரும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். முன்வரிசை வலது மூலையில், அதாவது 2-ஆம் இடத்தில் நின்றவர், பின்வரிசை வலது மூலையான 1-ஆம் இடத்துக்கு வந்து சர்வீஸ் போட வேண்டும். நம் அணியில் அங்கே நின்றவர் நான்காம் எண். கொண்டாட்டத்தில் யாரும் நகரவில்லை. போன சுற்றில் சர்வீஸ் போட்ட ஏழாம் எண்ணே மறுபடியும் போட்டுவிட்டார்.

இந்த வரிசையை யாரும் நினைவில் வைத்துச் சொல்வதில்லை. ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் பயிற்சியாளர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் லைன்-அப் தாள்தான் சாட்சி. அதன்படி ஸ்கோரர் ஒவ்வொரு சர்வீஸையும் குறித்துக்கொண்டே வருகிறார். தவறான ஆள் பந்தோடு நிற்பதைக் கண்டாலும் அவர் முன்கூட்டி எச்சரிக்க மாட்டார். பந்தில் கை பட்ட உடனே சொல்வதுதான் அவர் வேலை. நம் ஸ்கோரர் முதல் மூன்று சர்வீஸில் கவனிக்கத் தவறி, நான்காவதில் பிடித்தார்.

இப்போது கணக்கு. தவறு எங்கே தொடங்கியது என்று தாளைப் பார்க்கிறார்கள். 15-ஆவது புள்ளி எதிரணி சர்வீஸில் நாம் வென்றது, அது செல்லும். அதன் பிறகு தவறான ஆள் போட்டு எடுத்த மூன்று புள்ளிகளும் ரத்து. எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும். 18-16 என்றிருந்தது 15-17 ஆகிறது. தவறு தொடங்கிய இடத்தைத் தாளில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மட்டும் பழைய புள்ளிகள் தப்பும். ஒரு புள்ளியும் சர்வீஸும் போவதோடு முடியும். எனக்கு இதைவிட உறுத்துவது வேறு. வரிசை சரிசெய்யப்படும்போது நான்காம் எண் 1-ஆம் இடத்தில் நிற்பார், ஆனால் சர்வீஸ் எதிரணியிடம் இருக்கும். அடுத்து நமக்குச் சர்வீஸ் வரும்போது எல்லோரும் நகர, 11-ஆம் எண் போடுவார். ஒரு தவறும் செய்யாத நான்காம் எண் அந்தச் சுற்றில் பந்தைத் தொடாமலே முறையை இழக்கிறார்.

இந்தத் தவறைத் தடுக்கும் அடையாளம் ஒன்று மைதானத்திலேயே இருந்தது: வேறு நிறச் சட்டை போட்ட லிபரோ. அவர் பின்வரிசையில் மட்டுமே ஆடலாம். பிளாக் செய்யக் கூடாது, சர்வதேச விதிப்படி சர்வீஸும் போடக் கூடாது. வழக்கமாக இரண்டு நடு பிளாக்கர்களுக்கும் மாறி மாறிப் பின்வரிசையில் நிற்பார். அந்த மாற்றம் ஆறு ஆள்மாற்றங்களில் சேராது. நம் ஆட்டத்தில் லிபரோ 5-ஆம் இடத்தில், இரண்டாம் எண்ணுக்குப் பதிலாக நின்றார். அணி ஓர் இடம் நகர்ந்திருந்தால் அது முன்வரிசை 4-ஆம் இடம். அங்கே லிபரோ நிற்க முடியாது. அவர் வெளியேற, இரண்டாம் எண் உள்ளே வந்தாக வேண்டும். புள்ளி கிடைத்தும் லிபரோ உள்ளேயே நிற்கிறார் என்பதைப் பெஞ்சில் ஒருவர் கவனித்திருந்தாலே போதும், சுழற்சி நடக்கவில்லை என்று தெரிந்திருக்கும். (எல்லாச் சுற்றிலும் இந்த அடையாளம் கிடைக்காது. லிபரோ 1-இலிருந்து 6-க்கோ, 6-இலிருந்து 5-க்கோ நகரும்போது உள்ளேயேதான் இருப்பார்.)

சரியான ஆள் போட்டாலும் சர்வீஸ் தவறலாம். விசில் ஊதிய 8 வினாடிக்குள் அடிக்க வேண்டும். அடிக்கும் கணத்தில் கால் பின்கோட்டில் படக் கூடாது. அதே கணத்தில் வாங்கும் அணியும் வரிசை மாறி நின்றிருந்தால் என்ன தீர்ப்பு? கால் கோட்டில் பட்டிருந்தாலோ, தவறான ஆள் போட்டிருந்தாலோ சர்வீஸ் போட்டவர் தவறுதான் எடுபடும். சர்வீஸ் ஒழுங்காகப் போய்ப் பின்னர் வெளியே விழுந்திருந்தால், வாங்கும் அணியின் தவறு முந்தியது. புள்ளி சர்வீஸ் போட்டவர்களுக்கு. நேராக வெளியே போன பந்துக்குப் புள்ளி கொடுப்பதைப் பார்த்துக் கூட்டம் கத்தும். நடுவர் செய்தது சரி.

அணித் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. வரிசையில் சந்தேகம் வந்தால் நடுவரிடம் கேட்டுச் சரிபார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. விசிலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.