தோலின் வயதும் எழுத்தின் வயதும்: ஒரு திருத்தக் குறிப்பு எழுதும் விதம்

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 2015 ஜூலை 22-ஆம் தேதி ஒரு செய்தி வெளியிட்டது. தன் நூலகத்தில் இருந்த இரண்டு குர்ஆன் தோல் ஏடுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தில் கார்பன் சோதனைக்கு உட்படுத்தியதாகவும், அந்தத் தோல் கி.பி. 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டதாக இருக்க 95.4 சதவீத வாய்ப்பு இருப்பதாகவும் அது அறிவித்தது. ஹிஜாஸி எனப்படும் பழைய அரபு எழுத்தில், குர்ஆனின் 18 முதல் 20 வரையான அத்தியாயங்களின் சில பகுதிகள் அந்த ஏடுகளில் உள்ளன. 1920-களில் அல்போன்ஸ் மிங்கானா சேகரித்த கையெழுத்துப் பிரதிகளோடு வந்தவை அவை. பிற்காலத்திய வேறொரு குர்ஆன் பிரதியின் ஏடுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. ஆல்பா ஃபெடேலி என்ற ஆய்வாளர்தான் அவை தனிப் பிரதியைச் சேர்ந்தவை என்று அடையாளம் கண்டார்.

நபிகள் நாயகம் ஏறத்தாழ 570 முதல் 632 வரை வாழ்ந்தார் என்பது வரலாற்று மரபு. இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் 568 என்ற எண்ணை வைத்தவுடன் ஒரு பரபரப்பான தலைப்பு கிடைத்துவிடுகிறது. குர்ஆன் நபிக்கும் முந்தையதா என்று கேட்ட செய்திகள் அப்போதே வெளிவந்தன. ஒரு தமிழ் மாத இதழும் இதே சறுக்கலில் விழுந்து, ‘கி.பி. 568-இல் எழுதப்பட்ட குர்ஆன்’ என்று அச்சிட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். என்ன எழுதுவது?

முதலில், தவறு எங்கே என்று சரியாகப் பிடிக்க வேண்டும். இங்கே ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தவறுகள் இருக்கின்றன.

ஒன்று, 568 என்பது ஓர் எல்லையின் தொடக்கம் மட்டுமே. சோதனை தந்தது 77 ஆண்டுகள் நீளும் ஓர் இடைவெளி. உண்மையான ஆண்டு அதற்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் எண்ணைப் பிடித்துக்கொள்வது எவ்வளவு தவறோ, கடைசி எண்ணைப் பிடித்துக்கொள்வதும் அவ்வளவு தவறு. 568-ஐ அடித்துவிட்டு ‘645 என்று இருந்திருக்க வேண்டும்’ என்று போட்டால், திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம் தேவைப்படும்.

இரண்டு, சோதனை அளந்தது தோலை, மையை அல்ல. விலங்கு உயிரோடு இருக்கும்வரை உணவின் வழியே கார்பன்-14 அதன் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். இறந்தபின் சேர்வது நின்று, இருப்பது மெல்லக் குறையத் தொடங்கும். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்து, அந்த ஆடோ கன்றோ எப்போது இறந்தது என்று கணிக்கிறார்கள். அந்தத் தோலில் பேனா எப்போது பட்டது என்பதை இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பெரும்பாலும் பதப்படுத்திய சில ஆண்டுகளில் எழுதியிருப்பார்கள். ஆனால் தோல் விலை உயர்ந்த பொருள். எடுத்து வைத்திருந்து எழுதுவதும், பழைய எழுத்தைக் கழுவிவிட்டு மறுபடி எழுதுவதும் அக்காலத்தில் உண்டு. எழுத்தமைதியையும் அத்தியாயங்களைப் பிரிக்கும் குறிகளையும் பார்த்து, பர்மிங்காம் ஏடுகளின் எழுத்து தோலைவிடப் பிந்தியதாக இருக்கலாம் என்று கருத்துச் சொன்ன அறிஞர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் வாசகரை அதிகம் உறுத்தும். இரண்டு ஏடுகளின் காலத்தைக் குர்ஆனின் காலமாக அந்த வாக்கியம் மாற்றிவிட்டது. ஒரு பிரதியின் வயது வேறு, நூலின் வயது வேறு. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் வஜ்ர சூத்திரச் சுருள் கி.பி. 868-இல் அச்சிடப்பட்டது, தேதி அதிலேயே இருக்கிறது. அதற்காக அந்தச் சூத்திரம் 868-இல் பிறந்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள். குமாரஜீவர் அதைச் சீனத்தில் மொழிபெயர்த்ததே ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

இவ்வளவும் தெளிவான பிறகு குறிப்பை எழுத உட்காரலாம். பழக்கத்தில் கை போகும் வாசகம் இப்படி இருக்கும்: ‘சென்ற இதழ்க் கட்டுரையில் இடம்பெற்ற ஒரு ஆண்டு குறித்து வாசகர்கள் சிலர் மாற்றுக் கருத்துத் தெரிவித்துள்ளனர். அறிஞர்களிடையே பல கருத்துகள் நிலவும் விஷயம் இது. யார் மனமேனும் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்.’ இதைப் படிப்பவருக்கு எந்தக் கட்டுரை, எந்த ஆண்டு, எது சரி என்று எதுவுமே தெரியாது. ‘மாற்றுக் கருத்து’ என்றதும் தவறு இதழின் கையிலிருந்து நழுவி விவாதமாகிவிடுகிறது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. ஆனால் தோலின் கால எல்லையில் முதல் எண்ணை எழுதிய ஆண்டாகக் கொடுத்தது அந்த வேறுபாட்டில் சேராது. அது வாசிப்புப் பிழை. பழியை அச்சுப்பிசாசின் தலையில் கட்டவும் இங்கே இடமில்லை. ‘புண்பட்டிருந்தால்’ என்பதில் வரும் ‘ஆல்’ குறையை வாசகரின் மனத்துக்கே மாற்றிவிடுகிறது.

என் கணக்கில் இப்படி இருக்கலாம்:

‘திருத்தம். சென்ற இதழின் 34-ஆம் பக்கத்தில் வெளியான பழைய கையெழுத்துப் பிரதிகள் பற்றிய கட்டுரையில், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள குர்ஆன் கி.பி. 568-இல் எழுதப்பட்டது என்று கூறியிருந்தோம். அது தவறு. அங்கே இருப்பவை ஒரு குர்ஆன் பிரதியின் இரண்டு ஏடுகள். அவற்றின் தோல் 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டது என்று கார்பன் சோதனை காட்டுகிறது. அந்தத் தோலில் எழுதிய ஆண்டை இந்தச் சோதனை சொல்வதில்லை. குர்ஆன் நபிகள் நாயகத்தின் காலத்துக்கு முந்தையது என்று கட்டுரையில் வந்த வரி இந்தத் தவறான ஆண்டை வைத்து எழுதப்பட்டது. அதைத் திரும்பப் பெறுகிறோம். தவறுக்கு வருந்துகிறோம்.’

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தைத்தான் பல இதழ்கள் விட்டுவிடுகின்றன. ஆண்டைத் திருத்திவிட்டு, அந்த ஆண்டின் மேல் கட்டிய முடிவை அப்படியே நிற்க விட்டால் பாதிப் பிழை உயிரோடு இருக்கும். ஆகவே குறிப்பு எழுதுமுன் கட்டுரையை முழுவதும் மறுபடி படித்து, அந்த எண் தலைப்பிலோ, படக் குறிப்பிலோ, பெட்டிச் செய்தியிலோ வேறு உருவத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். ‘நபி பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே’ என்று எங்காவது எழுதியிருந்தால் அதுவும் 568-தான்.

குறிப்பில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. தவறு எப்படி நேர்ந்தது என்ற கதை வாசகருக்கு வேண்டாம். மொழிபெயர்த்தவர் மேலும் செய்தி நிறுவனத்தின் மேலும் கைகாட்டுவதும் வேண்டாம். எந்த மதத்தையும் இழிவுபடுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்ற உறுதிமொழி நல்லெண்ணத்தில் எழுதப்படுவதுதான். ஆனால் ஆண்டு தவறு என்று சுட்டிக் கடிதம் எழுதியவரைக் கோபக்காரராக அது காட்டிவிடும். அவர் கேட்டது ஓர் ஆண்டைப் பற்றி மட்டும்தான்.

இடமும் முக்கியம். கட்டுரையை அட்டையில் விளம்பரப்படுத்தியிருந்தால், திருத்தத்தைக் கடைசிப் பக்கத்து விளம்பரங்களுக்கு நடுவில் பொடி எழுத்தில் போடுவது சரியாகாது. பொருளடக்கப் பக்கமோ ஆசிரியர் பக்கமோ பொருத்தம். கட்டுரை பின்னால் தொகுப்பு நூலுக்குப் போனால் பழைய அச்சுப் படியே போய்விடும் வாய்ப்பு அதிகம். அலுவலகக் கோப்புப் பிரதியில் 34-ஆம் பக்க ஓரத்தில் திருத்தம் வந்த இதழின் தேதியைப் பேனாவால் குறித்து வைத்துவிட்டால், தொகுப்பாளர் கண்ணில் அது பட்டுவிடும்.