சப்பானியத் தன்னறிமுகத்தில் ‘வா’, ‘கா’ இடைச்சொற் பிழைகளும் அவற்றைத் தமிழ்வழி விளக்கும் முறையும்

முன்னுரை

சப்பானிய மொழியைக் கற்கத் தொடங்குவோர் முதலில் எழுதும் பத்தி பெரும்பாலும் தன்னறிமுகமாகவே அமைகிறது. பெயர், பொழுதுபோக்கு, குடும்பம், விருப்பம் என நான்கைந்து தொடர்களே அதில் இருக்கும். ஆயினும் ‘வா’, ‘கா’ என்னும் இரு இடைச்சொற்களை இடம்மாற்றி எழுதும் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. (இவ்விரண்டும் சப்பானியத்தில் குறில் ஓசையுடையவை. இக்கட்டுரையில் ‘கா’ என்பதை ‘தங்கம்’ என்பதிலுள்ள ககர ஒலியோடு படிக்க வேண்டும். வினாவை உணர்த்தும் இடைச்சொல் வேறு.) விளக்கத்திற்காக அமைத்துக்கொண்ட பின்வரும் பகுதி இப்பிழைகளைக் காட்டும்:

வத்தஷி கா அருண் தெஸ். ஷுமி கா தொக்குஷோ தெஸ். அனி வா இமஸ். வத்தஷி கா நெக்கோ வா சுக்கி தெஸ்.

‘நான் அருண். என் பொழுதுபோக்கு வாசிப்பு. எனக்கு அண்ணன் இருக்கிறார். எனக்குப் பூனை பிடிக்கும்’ என்பது மாணவர் கருதிய பொருள்.

பிழையின் ஊற்று

‘கா எழுவாயைக் காட்டும்’ என்று மட்டும் கற்ற மாணவர், எழுவாய் எனத் தமக்குத் தோன்றிய ‘நான்’, ‘பொழுதுபோக்கு’ ஆகியவற்றோடு அதைச் சேர்த்துவிட்டார். தமிழில் முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை. ஆகவே இல்லாத உருபுக்கு நிகராக ஒன்று கிடைத்ததெனக் கருதுவது இயல்பே. ஆனால் ‘வத்தஷி கா அருண் தெஸ்’ என்பது இலக்கணப் பிழையன்று, சூழற்பிழை. அதன் பொருள் ‘நான்தான் அருண்’ என்பதாகும். ‘இங்கே அருண் யார்?’ என்று ஒருவர் கேட்டபின் சொன்னால் அது மிகச் சரியான விடை. எவரும் கேட்காத நிலையில் அறிமுகத்தை அவ்வாறு தொடங்கினால், தம்மை முன்பே பலரும் தேடிக்கொண்டிருந்ததாகப் பேசுவது போலாகும்.

எனவே, தொடருக்குப் பின்னால் மறைந்திருக்கும் வினாவைக் கேட்கச் செய்வதே தக்க விளக்கமுறை. ‘நான் யார்?’ என்பது வினாவாயின் ‘நான்’ அறிந்த பொருள், புதிய செய்தி பின்னால் வருகிறது, ஆகவே வா. ‘அருண் யார்?’ என்பது வினாவாயின் ‘நான்’ என்பதே புதிய செய்தி, ஆகவே கா. ‘யார்’, ‘எது’ போன்ற வினாச்சொற்கள் எழுவாயாக வரும்போது கா ஏற்குமேயன்றி வா ஏற்பதில்லை என்பது இதற்கு அரண். சுசுமு குனோ 1973இல் வெளியிட்ட சப்பானிய மொழி அமைப்பு பற்றிய நூலில், இவ்வாறு ‘இதுவே, பிறிதன்று’ எனச் சுட்டும் காவையும், கண்டதை அப்படியே கூறும் காவையும் வேறுபடுத்தினார்.

வகுப்பறையில் தொடரைத் திருப்பிப் பார்க்கும் சோதனையும் உதவும். ‘வத்தஷி கா அருண் தெஸ்’ என்பதை ‘அருண் வா வத்தஷி தெஸ்’ (அருண் என்பவர் நான்) என மாற்றினாலும் கருத்து மாறாது. தாம் சொல்ல வந்தது அதுவா என மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். இரண்டாம் தொடரின் பிழையும் இத்தகையதே. ‘ஷுமி வா தொக்குஷோ தெஸ்’ என்பது திருத்தம்.

‘தான்’ உதவாத இடம்

எனினும் காவைத் ‘தான்’ என்றே எங்கும் கொள்வது அடுத்த பிழைக்கு வழிவகுக்கும். மூன்றாம் தொடரில் அண்ணன் கேட்போருக்குப் புதியவர். அவர் ‘அனி கா இமஸ்’ என நுழைய வேண்டும். இந்தக் காவில் ‘தான்’ பொருள் இல்லை. மாணவர் எழுதிய ‘அனி வா இமஸ்’ என்பதோ ‘அண்ணன் என்றால், இருக்கிறார்’ என ஒலித்து, அக்காவோ தம்பியோ இல்லை என்ற குறிப்பைத் தருகிறது. அண்ணன் அறிமுகமான பின் ‘அனி வா இஷா தெஸ்’ (அண்ணன் மருத்துவர்) என்று வாவுக்கு மாறலாம்.

நான்காம் தொடரில் இரண்டும் இடம்மாறியுள்ளன. இங்குத் தமிழின் நான்காம் வேற்றுமைத் தொடர் நல்ல துணை. ‘எனக்குப் பூனை பிடிக்கும்’ என்பதில் ‘எனக்கு’ நிற்கும் இடம் வாவுக்கும், உருபேற்காத ‘பூனை’ நிற்கும் இடம் காவுக்கும் உரியன: ‘வத்தஷி வா நெக்கோ கா சுக்கி தெஸ்’. அகிரா மிக்காமி 1960இல் தம் நூலுக்குத் தலைப்பாக்கிய ‘யானை வா, துதிக்கை கா, நீளம்’ என்னும் அமைப்பும் ‘யானைக்குத் துதிக்கை நீளம்’ எனத் தமிழில் எளிதாக அமைகிறது. ஆனால் ‘எனக்கு அவரைப் பிடிக்கும்’ எனத் தமிழ் இரண்டாம் வேற்றுமையையும் ஏற்பதால், மாணவர் சிலர் காவுக்கு மாற்றாகச் செயப்படுபொருள் உருபான ‘ஒ’வை இடுவதுண்டு. இவ்விணைநிலையைப் பயிற்றுவிப்பவர் இந்த எல்லையையும் சொல்லிவிட வேண்டும்.

திருத்திய வடிவம் வருமாறு: ‘அருண் தெஸ். ஷுமி வா தொக்குஷோ தெஸ். அனி கா இமஸ். நெக்கோ கா சுக்கி தெஸ்.’ பேசுபவரே பேசுபொருள் என்பது வெளிப்படையாதலின் ‘வத்தஷி’ எங்கும் தேவைப்படவில்லை. வத்தஷியைத் தொடர்தோறும் எழுதும் வழக்கத்தை நீக்கினாலே பிழைகளிற் சில தாமே மறைகின்றன.

ஒன்றை மட்டும் திருத்தாமல் விடலாம். ‘நிஹோங்கோ வா சுக்கொஷி வக்கரிமஸ்’ (சப்பானிய மொழி சிறிது தெரியும்) என மாணவர் எழுதினால், ‘வக்கரிமஸ்’ காவை ஏற்கும் சொல் என்பதற்காக அதைப் பிழையெனக் குறிப்பது தவறு. பிற மொழிகளோடு ஒப்பிட்டு, ‘சப்பானியம் என்றால் சிறிதளவே’ எனத் தன்னடக்கத்தோடு சொல்லும்போது அங்கு வா பொருத்தமானது.